"அது என் வேலையில்லை" என்று இருவரும் சொல்லும்போது: பால் நிலையத்தில் பொறுப்புச் சண்டையைத் தீர்க்கும் வழி

செங்கலடிக்கும் கிரானுக்கும் மேற்கே உள்ள பால் சேகரிப்பு நிலையங்களில் பெரும்போகம் தொடங்கியதும் ஒரு வகைச் சண்டை கூடும். வயல் விதைத்துவிட்டால் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. பட்டிகள் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் மேய்ச்சல் தரைக்குப் போய்விடும். அதுவரை வீட்டு வாசலிலிருந்து எட்டு மணிக்குள் வந்து சேர்ந்த பால், இப்போது காட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் கான் கட்டி வரும். மழை பெய்தால் இன்னும் பிந்தும். மாடுகள் திரும்பி வர மார்ச் ஆகிவிடும். இந்த மாதங்களில்தான் நிலையத்தில் வேலை செய்யும் இருவர், மற்ற நாட்களில் நல்ல ஒற்றுமையாக இருந்தவர்கள், ஒருவரை ஒருவர் குறை சொல்லத் தொடங்குவார்கள்.

இப்படியான சில நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு இருக்கிறது. சங்கச் செயலாளர், மேற்பார்வையாளர், நிலையப் பொறுப்பாளர் என்று யாருடைய கையில் இந்தச் சண்டை வந்து விழுந்தாலும், அவருக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் படும் அறிகுறி எதுவோ, அந்தப் பகுதியிலிருந்து வாசிக்கலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

எதையும் தொடங்கு முன்

சண்டை நடந்த அன்றே இருவரையும் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கதைக்க வேண்டாம். அன்று அவர்கள் சொல்வதெல்லாம் அன்றைய கோபம். அதே நேரம் ஒரு வாரம் தள்ளிப்போடவும் கூடாது. ஒரு வாரத்தில் ஊரில் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துவிடும், பால் கொண்டுவருபவர்களும் கட்சி கட்டுவார்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ சரியாக இருக்கும். அன்றைக்கு நடக்க வேண்டிய வேலையை மட்டும் நீங்களே ஆள் சொல்லி முடித்துவிடுங்கள். "இன்றைக்கு இதை நீங்கள் செய்யுங்கள், இது யாருடைய வேலை என்ற கதையை நாளைக்குப் பேசுவோம்" என்றால் போதும்.

இரண்டாவது, நீங்கள் யார் என்பதில் தெளிவாக இருங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நம் ஊர்களில் இயங்கும் மத்தியஸ்த சபையை எல்லோருக்கும் தெரியும். அங்கே இருப்பவர்களுக்கு வந்தவர்கள் மீது எந்த அதிகாரமும் இல்லை. சம்மதித்தால் இணக்கம், இல்லையென்றால் இல்லை. உங்கள் நிலை அப்படியல்ல. வேலை நேரம் போடுவதும் சம்பளச் சிட்டையில் கையொப்பம் வைப்பதும் நீங்கள்தான். "நான் நடுவில் நிற்கும் ஆள்" என்று நீங்கள் சொன்னாலும் அவர்கள் நம்பமாட்டார்கள், நம்பவும் தேவையில்லை. ஆகவே தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கள்: இந்த விஷயங்களை நீங்கள் இருவரும் பேசி எப்படி முடிவெடுத்தாலும் எனக்குச் சம்மதம், இந்த விஷயங்களை நான் முடிவு செய்வேன். வேலை நேரம், சம்பளம், நட்டம் யார் தலையில் விழும் என்பவை உங்களுடையவை. யார் முதலில் கான் கழுவுவது, யார் எந்தக் கொப்பியை எழுதுவது என்பவை அவர்களுடையவை. இதைச் சொல்லாமல் விட்டால், அவர்கள் முடிவெடுத்த பிறகு நீங்கள் அதை மாற்றுவீர்கள். அடுத்த தடவை உங்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்கள்.

அறிகுறி: ஒரு வேலை நடக்கவே இல்லை. இருவரும் "அது மற்றவரின் வேலை" என்கிறார்கள்

அதிகமாக வருவது இதுதான். இதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரு நிலையத்தில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். அங்கே இரண்டு பேர். காலை ஆறு மணிக்கு வந்து பால் எடுப்பவர் ஒரு அக்கா. ஒவ்வொரு கானையும் திறந்து மணம் பார்ப்பார், பால்மானி இறக்கி வாசிப்பார், சந்தேகமானால் அற்ககோல் சோதனை செய்வார், லீற்றர் அளந்து கொப்பியில் எழுதுவார். எட்டரைக்கு வருபவர் ஒரு தம்பி. குளிரூட்டும் தாங்கி அவர் பொறுப்பு. பால் 4 பாகை செல்சியஸுக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, கரண்ட் போனால் ஜெனரேற்றர் போடுவது, பத்தரைக்கு பவுசர் வரும்போது பால் ஏற்றி விடுவது, அப்புறம் தாங்கியைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. அக்காவின் வேலை ஒன்பது மணிக்கு முடியும்.

நவம்பரில் ஒரு நாள் பவுசர்காரர் தாங்கியில் எடுத்த மாதிரிப் பால் அற்ககோல் சோதனையில் திரிந்துவிட்டது. சோதனை சின்னது. பாலும் அற்ககோலும் சம அளவில் ஒரு குழாயில் கலந்து ஆட்டிப் பார்ப்பது. நல்ல பால் குழாய்ச் சுவரில் வழுவழுப்பாக வழியும், புளிக்கத் தொடங்கிய பால் சின்னச் சின்னத் துகளாகத் திரிந்து நிற்கும். அன்று முழுத் தாங்கியையும் ஏற்க மறுத்துவிட்டார்கள். ஒரே ஒரு கான் புளித்த பால் நல்ல பாலோடு சேர்ந்ததால் வந்த வினை. அந்தக் கான் ஒன்பது இருபதுக்கு வந்திருக்கிறது. யாரும் சோதிக்காமல் தாங்கிக்குள் போயிருக்கிறது.

அக்கா சொன்னது: "நான் ஒம்பதுக்குப் போயிட்டன் அண்ணே. அதுக்குப் பிறகு வந்த பாலுக்கு நான் என்ன செய்யிற?" தம்பி சொன்னது: "பால் டெஸ்ட் பண்றது அக்காட வேல. எனக்கு ஆரும் அதப் பழக்கவும் இல்ல, கொப்பியில எழுதச் சொல்லவும் இல்ல."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இந்த அறிகுறியில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். யாராவது ஒருவர் பொய் சொல்கிறார் என்ற நினைப்போடு போனால் நீங்கள் தேடுவது கிடைக்காது.

*முதல் படி: தனித்தனியாக, ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.* ஒவ்வொருவரோடும் அரை மணித்தியாலம் போதும். "ஏன் செய்யவில்லை?" என்று தொடங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு வருவது தன்னைக் காப்பாற்றும் பதில்தான். "அன்று காலை வந்ததிலிருந்து போகும்வரை என்ன என்ன நடந்தது, மணி சொல்லிச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். "எப்போதும்", "ஒருநாளும்" என்று அவர் பொதுவாகப் போனால், "சரி, அன்று?" என்று திரும்ப அந்த நாளுக்கே கொண்டுவாருங்கள். சொல்வதை அவர் முன்னாலேயே எழுதுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, அதில் எதை மற்றவருக்குச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

*இரண்டாம் படி: இரண்டு கதையையும் ஒரே தாளில் நேர வரிசையாக எழுதுங்கள்.* பெரிய தாள் ஒன்றில் இடப்பக்கம் மணி, நடுவில் அக்கா, வலப்பக்கம் தம்பி. அந்த நாளை எழுதியபோது தாள் இப்படி இருந்தது. எட்டு ஐம்பதுக்கு அக்கா கொப்பியைக் கூட்டி முடிக்கிறார். ஒன்பது ஐந்துக்கு அவருக்கு பஸ், அதை விட்டால் பதினொரு மணிக்குத்தான் அடுத்தது. ஒன்பதுக்கு வெளிக்கிடுகிறார். தம்பி அந்த நேரம் பின்பக்கம் கான் கழுவிக்கொண்டு நிற்கிறார். ஒன்பது இருபதுக்குப் பட்டிக்காரர் ஒருவர் வந்து, யாரையும் காணாமல், வழக்கம்போலக் கானைத் தாங்கி மூடிக்குப் பக்கத்தில் வைக்கிறார். தம்பி வந்து பார்க்கிறார், பால் வெயிலில் நிற்கிறதே என்று தாங்கிக்குள் ஊற்றிவிடுகிறார். கெட்டுப்போகாமல் இருக்கத்தான் ஊற்றினார். ஒன்பதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை இரண்டு பக்கமும் "பால் சோதனை" என்ற சொல்லே இல்லை. அந்த வெறும் இடத்தைத்தான் தேட வேண்டும். இருவரும் சேர்ந்து பார்க்கும் தாளில் அது தெரிந்துவிட்டால், யார் குற்றவாளி என்ற பேச்சு தானாகவே தணியும்.

ஓகஸ்ட் மாதத்தில் இந்த வெறும் இடம் இருக்கவில்லை. கடைசிக் கான் எட்டு மணிக்கே வந்துவிட்டதால் ஒன்பதுக்குப் பிறகு சோதிக்க எதுவும் மிச்சமில்லை. வேலைப் பங்கீடு பிழையாகப் போடப்படவில்லை. பருவம் மாறியது, பங்கீடு மாறவில்லை. ஆகவே உங்களிடம் சண்டை வரும்போது முதலில் கேட்டுப் பாருங்கள்: கடந்த ஒரு மாதத்தில் இங்கே என்ன மாறியது? பட்டி நகர்ந்ததா, பவுசர் நேரம் மாறியதா, கரண்ட் வெட்டு நேரம் மாறியதா, ஒருவருக்கு பஸ் நின்றதா?

*மூன்றாம் படி: நட்டத்தை யார் கட்டுவது என்பதை முதலில் முடியுங்கள்.* அனேகமானோர் தாண்டிப் போவது இதைத்தான். தனியாகக் கதைக்கும்போது தம்பி மெதுவாக ஒன்று சொன்னார். "நான் டெஸ்ட் கொப்பியில சைன் வச்சா, அடுத்த முற பால் திரிஞ்சா என்ட சம்பளத்திலதானே வெட்டுவாங்க?" அக்காவுக்கு இன்னொரு பயம். பிந்தி வரும் பாலை வேண்டாம் என்றால் பட்டிக்காரர் அவரோடுதான் சத்தம் போடுவார், ஊருக்குள் முகம் கொடுக்க வேண்டியதும் அவர்தான். வெளியில் கேட்டது "அது என் வேலையில்லை" என்ற பேச்சு. உள்ளே இருந்தது இந்த இரண்டு பயமும்.

ஒரு வேலையை ஏற்றால் நட்டமும் சேர்ந்து வரும் என்று நினைக்கும் ஆள், எவ்வளவு கெஞ்சினாலும் அந்த வேலையை ஏற்கமாட்டார். ஏற்பது போலத் தலையாட்டுவார். இது உங்கள் அதிகாரத்துக்குள் வரும் விஷயம் என்பதால் நீங்கள்தான் சொல்ல வேண்டும். அந்த நிலையத்தில் சொன்னது இதுதான்: அன்றைய நட்டத்துக்கு யாருடைய சம்பளத்திலும் வெட்டு இல்லை. இனிமேல், சோதனை செய்து கொப்பியில் உள்ளபடி எழுதியிருந்தால், பால் திரிந்தாலும் வெட்டு இல்லை. சோதிக்காமல் ஊற்றினால் மட்டும் விசாரணை. சங்க நிர்வாகத்தோடு முதலில் கதைத்து, அவர்கள் ஓம் என்ற பிறகே இதைச் சொல்ல வேண்டும். உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்தால், அடுத்த தடவை உங்கள் தாளையும் பேனையையும் யாரும் மதிக்கமாட்டார்கள்.

*நான்காம் படி: இருவரையும் சேர்த்து இருத்துங்கள்.* பால் வேலை முடிந்த பின்னேரம், பட்டிக்காரர் யாரும் இல்லாத நேரம் நல்லது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அந்தத் தாளை நடுவில் வையுங்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக் கதைக்கக் கூச்சமாக இருக்கும்போது இருவரும் தாளைப் பார்த்துக் கதைக்கலாம். யார் முதலில் பேசுவது என்பதைக் கவனியுங்கள். வயதில் மூத்தவரை முதலில் பேச விட்டால், இளையவர் மரியாதைக்காக "அக்கா சொன்னா சரிதான்" என்று முடித்துவிடுவார். அது சம்மதம் இல்லை. அதனால் தம்பியை முதலில் சொல்ல வைத்தோம். அதற்கு முன் அக்காவிடம் தனியாகக் காரணத்தைச் சொல்லி அனுமதி கேட்டதால் அவருக்கும் மனம் நோகவில்லை.

பேச்சு "நீ" என்று போகும்போது அதை வேலையின் பக்கம் திருப்புங்கள். "நீ ஒருநாளும் பார்க்கிறதில்லை" என்று வந்தால், "ஒன்பது இருபதுக்கு வரும் கானை யார் பார்ப்பது என்று கேட்கிறீர்கள், அப்படித்தானே?" என்று கேளுங்கள். "ஓம்" என்று வந்தால் அடுத்த வரிக்குப் போகலாம்.

*ஐந்தாம் படி: முடிவை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.* ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர். "இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள்" என்ற வரி தாளில் வந்தால் அதை ஏற்காதீர்கள், சண்டை பிறந்ததே அந்த வரியிலிருந்துதான். உதவி செய்பவர் இருக்கலாம், ஆனால் கேள்வி வந்தால் பதில் சொல்பவர் ஒருவர். அங்கே எழுதிய ஒப்பந்தம் இவ்வளவுதான்:

"1. ஒன்பது மணிக்கு முன் வரும் எல்லாப் பாலுக்கும் அக்கா பொறுப்பு. ஒன்பது அடித்ததிலிருந்து, அக்கா அங்கே நின்றாலும், தம்பி பொறுப்பு.

2. பிந்தி வரும் பால் நேரே தாங்கிக்குப் போகாது. நிழலில் தனிக் கானில் நிற்கும். தம்பி சோதித்து, கொப்பியில் எழுதி, அப்புறம்தான் ஊற்றுவார்.

3. இந்த வாரம் அக்கா தினமும் எட்டே முக்காலுக்கு ஒரு கானைத் தம்பியைக் கொண்டு சோதிக்க வைத்துப் பழக்குவார். அதற்காக அந்தக் கால் மணித்தியாலம் தம்பி கான் கழுவ வேண்டியதில்லை.

4. ஒன்பது மணிக்குக் கைமாறும்போது கொப்பியில் மூன்று விஷயம்: எத்தனை லீற்றர், தாங்கியின் வெப்பநிலை, இன்னும் வர வேண்டிய கான்கள் யாருடையவை. இருவரும் கையொப்பம்.

5. மார்ச்சில் பட்டி ஊருக்குத் திரும்பியதும் இந்தத் தாளைத் திரும்பப் பார்ப்போம்."

ஐந்தாவது வரியை விட்டுவிடாதீர்கள். பருவத்தால் வந்த பங்கீட்டுக்கு முடியும் நாள் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மே மாதத்திலும் தம்பி தேவையில்லாமல் ஒன்பதுக்குப் பிறகு காத்துக்கொண்டு நிற்பார், அதிலிருந்து அடுத்த சண்டை பிறக்கும்.

இருவராலும் தீர்க்க முடியாத ஒன்று மிச்சம் இருந்தது. பட்டிக்காரர் பிந்தி வருவது. அதை அவர்கள் தலையில் போட வேண்டாம். எத்தனை மணிக்குப் பிறகு வரும் பால் எடுக்கப்படமாட்டாது என்று சங்கம்தான் பட்டிக்காரருக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தலைக் கடிதமாக எழுதி நிலையச் சுவரில் ஒட்டி வைத்தால், அக்காவோ தம்பியோ பாலைத் திருப்பும்போது சுவரைக் காட்டிச் சொல்லலாம். ஆளுக்கும் ஆளுக்கும் பகை வராது.

*சரிவந்ததா என்று எப்படித் தெரியும்?* இரண்டு கிழமைக்குப் பிறகு கொப்பியைத் திறந்து கைமாற்றுப் பத்தியைப் பாருங்கள். மூன்று விஷயமும் நிரம்பி, கையொப்பம் இருந்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. கையொப்பம் மட்டும் இருந்து வெப்பநிலை எல்லா நாளும் ஒரே இலக்கமாக இருந்தால், யாரும் பார்த்து எழுதவில்லை என்று அர்த்தம். சூடான பால் வந்து சேரும் காலையில் தாங்கி எல்லா நாளும் ஒரே வெப்பநிலையில் நிற்காது. அப்போது திட்டுவதற்கு முன் ஒன்பது மணிக்கு ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது தெரியவரும்.

அறிகுறி: இருவரும் "எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன்" என்கிறார்கள்

இங்கே வேலை நடக்கிறது, ஆனால் மனம் கசந்திருக்கிறது. 1979இல் ரொஸ், சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் வீட்டு வேலைகளில் தங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இருவரும் சொன்ன பங்கைக் கூட்டினால் பெரும்பாலும் முழுதையும் தாண்டியது. யாரும் வேண்டுமென்று கூட்டிச் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு இலகுவாக நினைவுக்கு வரும், மற்றவர் செய்தது வராது. தம்பி தாங்கியைக் கழுவும் நேரத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா இருட்டோடு வந்து நிலையத்தைத் திறக்கும்போது தம்பி நித்திரையில் இருக்கிறார். ஒருவர் பாடு மற்றவர் கண்ணில் படவே வழியில்லை.

இதற்கு நியாயத் தீர்ப்பு வேண்டாம். ஒவ்வொருவரையும் மற்றவர் செய்யும் வேலைகளின் பட்டியலை எழுதச் சொல்லுங்கள், தன்னுடையதை அல்ல. பட்டியல் குட்டையாகத்தான் வரும். அதை உரியவரிடம் கொடுத்து விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லுங்கள். பால் எடுக்கும் அக்கா சேர்த்த வரிகளில் "பால் குறைஞ்ச வீட்டுக்காரருக்கு விளக்கம் சொல்றது" என்று ஒன்று இருந்தது. தம்பிக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே அதுவரை தெரியாது. அடுத்து, முடியுமானால் ஒரே ஒரு நாள் இருவரையும் மற்றவரின் நேரத்தில் வந்து நிற்க வையுங்கள். அந்த நாளுக்குரிய மேலதிக நேரக் காசைக் கொடுத்துவிடுங்கள். காசு கொடுக்காமல் நிற்கச் சொன்னால் அது தண்டனையாகத்தான் தெரியும்.

பட்டியல் நிரம்பிய பிறகும் ஒருவர் பக்கம் உண்மையிலேயே நீளமாக இருந்தால், சண்டை சரியானது, பங்கீடு பிழை. அதை மாற்றுவது உங்கள் வேலை. மனஸ்தாபம் என்று பெயர் வைத்து அதைச் சமாளிக்க வேண்டாம்.

அறிகுறி: ஒருவர் செய்ததை மற்றவர் திரும்பச் செய்கிறார்

அக்கா வாசித்த பால்மானியைத் தம்பி திரும்ப இறக்கிப் பார்க்கிறார். இலக்கம் வித்தியாசம். "அக்கா தனக்குத் தெரிஞ்ச ஆக்களுக்குக் கூட்டிப் போடுறா" என்ற கதை அங்கிருந்துதான் கிளம்பும். இது ஊருக்குள் போனால் ஆளின் நற்பெயர் போகும், ஆகவே விரைவாகப் பாருங்கள்.

முதலில் கருவியையும் முறையையும் பாருங்கள், ஆளைப் பிறகு பார்க்கலாம். பால் சூடாக இருக்கும்போது அடர்த்தி குறைவு, பால்மானி கீழிறங்கிக் குறைந்த இலக்கம் காட்டும். அதே பால் ஆறிய பிறகு கூடக் காட்டும். அக்கா வாசித்தது ஆறு மணிக்கு, அப்போதுதான் கறந்து வந்த பால். தம்பி வாசித்தது ஒன்பதுக்கு, குளிர்ந்த பால். இருவரும் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள். ஒரே கானை, ஒரே நேரத்தில், வெப்பமானியும் வைத்து இருவரையும் பக்கத்தில் நிறுத்தி வாசிக்க வையுங்கள். இலக்கம் ஒன்றாக வந்தால் சந்தேகம் அங்கேயே முடியும். இனி வெப்பநிலையையும் சேர்த்து எழுத வேண்டும், திருத்த அட்டவணை பார்த்துத்தான் இலக்கம் போட வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அப்படியும் வித்தியாசம் வந்தால், யாரோ ஒருவர் பால்மானியைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவராமல் மேலிருந்து பார்க்கிறார், அல்லது நுரை அடங்க முன் இறக்குகிறார். அதைப் பழக்கித் திருத்தலாம். இரண்டும் இல்லை, சில பெயர்களுக்கு மட்டும் இலக்கம் கூடி வருகிறது என்றால் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: உங்கள் முன்னால் சம்மதம், நாலாம் நாள் பழையபடி

இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒப்பந்தத்தில் நேரமோ அடையாளமோ இல்லை. "கொஞ்சம் பிந்தினால் தம்பி பார்ப்பார்" என்று எழுதியிருப்பீர்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று இருவருக்கும் இரண்டு கணக்கு. அதை மணிக்கூட்டு நேரமாக மாற்றுங்கள்.

அல்லது ஒருவர் மனமில்லாமல் சம்மதித்திருக்கிறார். இளையவர், புதிதாக வந்தவர், தற்காலிக நியமனத்தில் இருப்பவர், மற்றவரின் சொந்தக்காரருக்குக் கீழே வேலை செய்பவர், இவர்கள் கூட்டத்தில் மறுப்புச் சொல்வது மிகக் குறைவு. தனியாகக் கூப்பிட்டு "இதைச் செய்ய உனக்கு எது கஷ்டம்?" என்று கேளுங்கள். "கஷ்டமா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் வரும். எது என்று கேட்டால் ஒன்றாவது வெளியில் வரும்.

அறிகுறி: முகம் பார்த்துக் கதைப்பதில்லை, எல்லாம் வட்ஸ்அப்பில்

கைமாற்றம் நின்றுபோனால் பால் கெடும், ஆகவே முதலில் வேலைக்குத் தேவையான பேச்சை மட்டும் மீட்டெடுங்கள். அந்த மூன்று விஷயத்தைக் கொப்பியில் எழுதிக் கையொப்பம் வைப்பது அதற்குப் போதும். சிரித்துப் பேச வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். நிலையக் குழுவில் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக் குரல் பதிவு போடுவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள், அதை எல்லோருக்கும் பொதுவான ஒழுங்காகச் சொல்லுங்கள். உங்களிடம் ஒருவர் மற்றவருக்குச் செய்தி சொல்லி அனுப்பினால் அதைக் கொண்டுபோக வேண்டாம். "நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் வருவேன், என் முன்னால் நீங்களே சொல்லுங்கள்" என்று விடுங்கள். தூதுபோகத் தொடங்கினால் அந்த வேலை உங்களுக்கு நிரந்தரமாகிவிடும்.

அறிகுறி: இணக்கப் பேச்சுப் பொருந்தாத இடங்கள்

காசு குறைகிறது, இலக்கம் சிலருக்கு மட்டும் கூடுகிறது, பாலில் தண்ணீர் சேர்த்தது தெரிந்தும் எடுத்திருக்கிறார்கள் என்றால் இது பொறுப்புச் சண்டை அல்ல. இருவரையும் இருத்திச் சமாதானம் பேசினால், குற்றம் சொன்னவரை விட்டுக்கொடுக்கச் சொன்னதாக முடியும். கொப்பிகளை அன்றே உங்கள் கையில் எடுங்கள், பக்கங்களைப் படம் பிடித்து வையுங்கள், சங்க நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். விசாரணை முடியும்வரை சோதனையை வேறொரு நிலையத்து ஆளைக் கொண்டு செய்விக்கலாம்.

ஒருவர் மற்றவரைத் தொட்டு, மிரட்டி, சாதியையோ மதத்தையோ சொல்லி, பெண் என்பதை வைத்துக் கேவலமாகப் பேசியிருந்தாலும் இதே போலத்தான். பாதிக்கப்பட்டவரை மற்றவருக்கு முன்னால் இருத்த வேண்டாம். அவரைத் தனியாகக் கேட்டு, அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்குங்கள். இருவருடைய வேலை நேரமும் ஒன்றோடொன்று படாதபடி அடுத்த நாளிலிருந்தே மாற்றுங்கள். அப்படி மாற்றும்போது முறைப்பாடு செய்தவரின் நேரத்தையோ சம்பளத்தையோ தொட வேண்டாம், மற்றவரின் நேரத்தை மாற்றுங்கள். அந்த நாட்களில் ஒன்பது மணிக் கைமாற்றத்துக்கு நீங்களோ நீங்கள் அனுப்பும் ஆளோ நேரில் போய் நிற்க வேண்டும்.